மூன்று வாரம் முன்னால் பார்ப்பது: கொத்தனார், எலக்ட்ரீஷியன், சரக்கு லாரி மூன்றையும் ஒரே தாளில் கோப்பது எப்படி?

கட்டுமானப் பணியிடத்தில் புதிதாகப் பொறுப்பேற்கும் பொறியாளர் கையில் பெரும்பாலும் இரண்டு திட்டங்கள் இருக்கும். ஒன்று, கட்டடம் முழுவதற்குமான பெரிய கால அட்டவணை. அதில் "முதல் மாடிச் சுவர் வேலை" என்பது ஒரு நீண்ட கோடு, அவ்வளவுதான். மற்றொன்று, மறுநாள் யார் எங்கே வேலை செய்வது என்று மாலையில் மேஸ்திரியிடம் பேசி முடிவு செய்வது. முதலாவது மிகத் தொலைவில் நிற்கிறது, இரண்டாவது மிக அருகில். லாரி வராததும், சுவிட்ச் வரைபடத்தில் கையெழுத்து விழாததும், சுவர் இன்னும் ஈரமாக இருப்பதும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் நடக்கின்றன. அந்த இடைவெளிக்கான கருவிதான் மூன்று வார முன்னோட்டத் திட்டம்.

கிளென் பாலார்ட், கிரெக் ஹவெல் ஆகிய இருவரும் 1990களில் உருவாக்கிய "லாஸ்ட் பிளானர்" முறையில் இப்படி முன்னால் பார்ப்பது ஒரு முக்கியமான படி. பெரிய திட்டங்களில் ஆறு வாரம் வரையிலும் அதற்கு மேலும்கூடப் பார்ப்பார்கள். ஒரு மாடி, இரண்டு குழுக்கள், சில சரக்குகள் என்ற அளவிலான வேலைக்கு மூன்று வாரம் போதும். முதல் வாரம் உறுதியானது. அதில் இருப்பவை எல்லாம் தொடங்கத் தயாராக இருக்க வேண்டும். இரண்டாம் வாரம் தயாராகிக்கொண்டிருப்பது. மூன்றாம் வாரத்தில் என்ன தடை வரப்போகிறது என்று தேடுகிறோம். பலர் மூன்று வாரத்தையும் ஒரே மாதிரி நிரப்பிவிட்டுத் திட்டம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். மூன்றாம் வாரத்தில் ஒரு தடையைக்கூட எழுதாத திட்டம் இன்னும் போடப்படவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு முழுவதுமாகப் போட்டுப் பார்ப்போம். ஒரு குடியிருப்பின் முதல் மாடி. தூண், உத்தரம், கூரை எல்லாம் முடிந்து முட்டுகளும் அகற்றப்பட்டுவிட்டன. இனிக் கான்கிரீட் பிளாக் சுவர் கட்ட வேண்டும், அதில் மின்குழாய் பதிக்க வேண்டும், பிறகு உட்பூச்சு. சுவர்ப் பரப்பு மொத்தம் 240 சதுர மீட்டர், உயரம் 3 மீட்டர். வெளிச்சுவர் 200 மில்லிமீட்டர் கனம், உட்சுவர் 100 மில்லிமீட்டர். கொத்தனார்கள் மூவர், அவர்களுக்குத் தேவையான சித்தாட்கள். எலக்ட்ரீஷியன் ஒருவர், உதவியாளர் ஒருவர். வாரத்தில் ஆறு நாள் வேலை, ஞாயிறு விடுமுறை என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை முதல் நாள். மூன்றாம் வாரச் சனிக்கிழமை 18ஆம் நாள்.

முதல் படி: உங்கள் குழுவின் வேகத்தை அளந்து எழுதுங்கள்

கையேடுகளில் இருக்கும் உற்பத்தி அளவுகள் விலைப்புள்ளி தயாரிக்க உதவும், வாரத் திட்டத்துக்கு உதவாது. உங்களிடம் இருக்கும் கொத்தனார்கள் கீழ்த்தளத்தில் ஒரு வாரத்தில் எவ்வளவு கட்டினார்கள் என்று டேப் பிடித்து அளந்துவிடுங்கள். நம் எடுத்துக்காட்டில் ஒரு கொத்தனார் ஒரு நாளுக்கு 8 சதுர மீட்டர் கட்டினார் என்று கொள்வோம். மூவர் சேர்ந்தால் 24. அப்படியானால் 240 சதுர மீட்டருக்குப் பத்து நாள்.

இங்கே இன்னொரு வரம்பும் உண்டு. புதிய சுவரை ஒரே நாளில் விரும்பிய உயரத்துக்கு ஏற்ற முடியாது. கீழ்வரிசைகளின் கலவை இறுகுவதற்குள் மேலே பாரம் ஏறினால் சுவர் தூக்குக்குண்டு நேரிலிருந்து விலகும். ஒரு நாளுக்குச் சுமார் 1.2 முதல் 1.5 மீட்டர் வரை என்பது பொதுவான வரம்பு. எனவே மூன்று கொத்தனார்களையும் ஒரு சிறிய அறைக்குள் அடைத்து வேகத்தைக் கூட்ட முடியாது; அவர்களுக்குப் போதுமான சுவர் நீளம் வேண்டும். இந்த இரண்டு எண்களும் தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இரண்டாம் படி: மாடியைப் பகுதிகளாகப் பிரியுங்கள்

இந்தத் திட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மாடியை எத்தனை பகுதிகளாகப் பிரிக்கிறீர்கள் என்பதே கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் ஒருவருக்காக மற்றவர் காத்திருப்பார்களா என்பதைத் தீர்மானிக்கிறது.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது போல, கிழக்குப் பாதி, மேற்குப் பாதி என்று இரண்டாகப் பிரித்துப் பார்ப்போம். மேற்குப் பாதியின் 120 சதுர மீட்டர் முதல் நாள் தொடங்கி ஐந்தாம் நாள், வெள்ளி மாலை முடிகிறது. சுவருக்குக் குறைந்தது ஏழு நாள் நீராற்ற வேண்டும். அதற்கு முன் மின்குழாய் பதிக்கச் சுவரில் காடி வெட்டினால் இயந்திரத்தின் அதிர்வில் இறுகாத மூட்டுக் கலவை விட்டுப்போகும். ஆகவே எலக்ட்ரீஷியன் காடி வெட்டத் தொடங்குவது அடுத்த வெள்ளி, அதாவது 11ஆம் நாள். அந்தப் பாதிக்கு அவருக்கு நான்கு நாள் தேவை. 14ஆம் நாள் முடிப்பார். 15ஆம் நாள் காலை ஆய்வு, அன்று மதியமும் 16ஆம் நாளும் காடிகளை அடைத்து வலை அடிக்கும் வேலை. பூச்சு தொடங்குவது 17ஆம் நாள்.

இதற்கிடையில் கொத்தனார்கள் கிழக்குப் பாதியையும் கட்டி முடித்து 10ஆம் நாள் மாலை கையைத் துடைத்துக்கொண்டு நிற்பார்கள். 11ஆம் நாள் காலை முதல் 15ஆம் நாள் மதியம் வரை, நாலரை நாள், அந்த மாடியில் அவர்களுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத கொத்தனார் காத்திருக்க மாட்டார். வேறு பணியிடத்துக்குப் போய்விடுவார். 17ஆம் நாள் பூச்சுக்கு அவரைக் கூப்பிட்டால் அங்கே வேலை பாதியில் நிற்கும். பூச்சு இப்படித்தான் ஒரு வாரம் தள்ளிப்போகிறது. பார்ப்பவர்கள் "ஆள் பற்றாக்குறை" என்பார்கள். உண்மையில் பகுதி பெரிதாகிவிட்டது.

இப்போது அதே மாடியை அ, ஆ, இ, ஈ என்று நான்கு பகுதிகளாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றும் 60 சதுர மீட்டர், அதாவது 20 மீட்டர் நீளச் சுவர். மூவர் ஒரு நாளுக்கு 24 சதுர மீட்டர் கட்டினால் 20 மீட்டர் நீளத்தில் 1.2 மீட்டர் உயரம் ஏறும். உயர வரம்புக்குள் சரியாக அடங்குகிறது. ஒரு பகுதி இரண்டரை நாளில் முடிகிறது. கணக்கு இப்படி வரும்:

| பகுதி | சுவர் முடிவது | காடி வெட்டிக் குழாய் பதிப்பது | பூச்சு |
|---|---|---|---|
| அ | நாள் 3 (புதன்) மதியம் | நாள் 9–10 | நாள் 13–15 |
| ஆ | நாள் 5 (வெள்ளி) மாலை | நாள் 11–12 | நாள் 16–18 |
| இ | நாள் 8 (செவ்வாய்) மதியம் | நாள் 14–15 | அடுத்த சுற்று |
| ஈ | நாள் 10 (வியாழன்) மாலை | நாள் 16–17 | அடுத்த சுற்று |

எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு பகுதியிலும் முதல் நாள் கீழ்ப்பாதியையும் இரண்டாம் நாள் மேல்பாதியையும் வெட்ட வேண்டும். கீழ்ப்பாதிதான் முன்பே கட்டப்பட்டது. மேல்வரிசைகளைத் தொடும்போது அவற்றுக்கும் ஏழு நாள் நிறைந்திருக்கும். 13ஆம் நாள் அவருக்கு வெட்டும் வேலை இல்லை. அன்று இ, ஈ பகுதிகளில் பெட்டிகளின் இடத்தைக் குறித்துவிடலாம்.

கொத்தனார்கள் 10ஆம் நாள் சுவரை முடிக்கிறார்கள். 11ஆம் நாள் காலை அ பகுதியில் குழாய் ஆய்வு நடக்கும்போது, அவர்கள் தூண், உத்தரங்களின் வழவழப்பான முகத்தைப் பூச்சு பிடிக்கும்படி கொத்திவிடலாம். அன்று மதியம் காடிகளைக் கலவையால் அடைக்கிறார்கள். 12ஆம் நாள் காடிகளின் மேலும், பிளாக்கும் கான்கிரீட்டும் சேரும் இடங்களிலும் கம்பிவலை அடிக்கிறார்கள். 13ஆம் நாள் பூச்சு. நாலரை நாள் வெற்றிடம் மறைந்துவிட்டது. ஆட்களைக் கூட்டவில்லை, வேகத்தைக் கூட்டவில்லை. கோட்டை வேறு இடத்தில் போட்டோம், அவ்வளவுதான்.

ஆனால் எட்டாகப் பிரித்தால் இன்னும் நல்லதா என்றால், இல்லை. சுவர் நீளம் 10 மீட்டராகக் குறைந்தால் மூன்று கொத்தனார்கள் ஒரே நாளில் 2.4 மீட்டர் ஏற்ற வேண்டிவரும். உயர வரம்பு அதைத் தடுக்கும். சாரத்தை மாற்றிக்கொண்டிருப்பதிலேயே நேரமும் போகும். ஒரு நாள் வேலை ஒரு நாள் உயரத்துக்குப் பொருந்தும் அளவே சரியான பகுதி.

மூன்றாம் படி: ஒவ்வொரு வேலைக்கும் தடையைக் கேளுங்கள்

அட்டவணை போட்டதும் திட்டம் முடிந்துவிடாது. ஒவ்வொரு கட்டத்தின் முன்னும் நின்று, "இன்று காலை இதைத் தொடங்கச் சொன்னால் எது தடுக்கும்?" என்று கேளுங்கள். வரைபடம், பொருள், ஆள், முந்தைய வேலை, கருவி, இடம், அனுமதி என்று ஏழு பக்கமும் பார்க்க வேண்டும். தடை கிடைத்தால் அதன் எதிரே ஒரு ஆளின் பெயரும் ஒரு தேதியும் எழுத வேண்டும். "அலுவலகம் பார்த்துக்கொள்ளும்" என்பது பெயர் ஆகாது. "விரைவில்" என்பது தேதி ஆகாது.

அ பகுதியில் 9ஆம் நாள் காடி வெட்டுவதை எடுத்துக்கொள்வோம். மேலோட்டமாகப் பார்த்தால் தேவை ஒரு வெட்டும் இயந்திரமும் குழாயும்தான். உட்கார்ந்து கேட்டால் வேறு விஷயங்கள் வெளியே வரும்.

முதலாவது, கையெழுத்திட்ட சுவிட்ச் வரைபடம். கட்டில், சமையல் மேடை, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பவை முடிவாகாமல் சுவிட்சின் இடம் முடிவாகாது. கதவுக்குப் பின்னால் மறையும் சுவிட்சுகள் எல்லாம் இந்தக் கையெழுத்துக்குக் காத்திருக்காமல் வெட்டியவை. இந்த முடிவு கட்டட உரிமையாளரிடமிருந்து வர வேண்டும். அவருக்கு ஒரு வாரமாவது கொடுக்க வேண்டும். எனவே இந்தத் தடையின் தேதி 1ஆம் நாளுக்குள்ளேயே விழுகிறது. இப்படித்தான் இரண்டாம் வார வேலை ஒன்று முதல் வாரத்தில் உங்களை எழுப்பும்.

இரண்டாவது, மட்டக் கோடு. முடிவுற்ற தரை மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் எல்லாச் சுவரிலும் கோடு அடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எலக்ட்ரீஷியன் கரடுமுரடான தளத்திலிருந்து அளப்பார். ஓர் அறையின் சுவிட்ச் பெட்டிகள் மற்றோர் அறையைவிட இரண்டு சென்டிமீட்டர் ஏறியிருக்கும். கோடு போடுவது கொத்தனார் வேலையா, எலக்ட்ரீஷியன் வேலையா என்று யாரும் சொல்லிவைக்காததால் இரு தரப்பும் மற்றவர் போடுவார் என்றிருப்பார்கள். பெயர் எழுதுங்கள்.

மூன்றாவதைப் புதியவர்கள் அநேகமாக எல்லோரும் தவறவிடுகிறார்கள். சுவிட்ச் பெட்டியின் முகம் பூச்சின் முகத்தோடு சமமாக நிற்க வேண்டும், பிளாக்கின் முகத்தோடு அல்ல. பூச்சு 12 மில்லிமீட்டர் என்றால் பெட்டி அந்த அளவு வெளியே நீட்டி நிற்க வேண்டும். ஆனால் சுவரில் மேடு பள்ளம் இருப்பதால் பூச்சின் கனம் இடத்துக்கு இடம் மாறும். அது தெரிய வேண்டுமென்றால், கொத்தனார் முன்கூட்டியே நூல் பிடித்துப் பூச்சின் கனத்தைக் காட்டும் சிறிய கலவைத் திட்டுகளைப் பெட்டிகள் வரும் இடங்களுக்கு அருகே வைத்திருக்க வேண்டும். அதாவது பூச்சு வேலையின் முதல் சிறு பகுதி, மின்வேலைக்கு முன்னால் வருகிறது. நம் திட்டத்தில் 8ஆம் நாள் மதியம் ஒரு கொத்தனாரை இரண்டு மணி நேரம் அ பகுதிக்கு அனுப்ப வேண்டும். அதனால் அன்று சுவர் இரண்டு சதுர மீட்டர் குறையும். அந்தக் குறைவை ஏற்றுக்கொள்ளுங்கள். பெட்டி உள்ளே ஆழமாகப் போய்விட்டால், பின்னால் நீளத் திருகு தேடுவதும் பூச்சை உடைப்பதும் அதைவிட அதிக நேரத்தை விழுங்கும்.

நான்காவது, சுவரின் கனம். செங்குத்துக் காடி சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, கிடைக்காடி ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. 100 மில்லிமீட்டர் சுவரில் இதைப் பொருத்திப் பாருங்கள். செங்குத்தாக 33 மில்லிமீட்டர் கிடைக்கிறது. 20 மில்லிமீட்டர் குழாய் உள்ளே போய்விடும். கிடையாகக் கிடைப்பது 16 மில்லிமீட்டர்தான். அதே குழாய் போகாது. ஆகவே உட்சுவர்களில் குழாய் கூரையிலிருந்து நேராக இறங்க வேண்டும். ஒரு பெட்டியிலிருந்து பக்கத்துப் பெட்டிக்குச் சுவரில் கிடையாக ஓடக் கூடாது. இதற்குக் கூரைக் கான்கிரீட்டில் பதித்த குழாய்களின் முனை சரியான இடங்களில் இருக்கிறதா என்று சுவர் எழும் முன்பே, முதல் வாரத்திலேயே எலக்ட்ரீஷியன் ஒரு நடை நடந்து பார்க்க வேண்டும். ஏதாவது முனை இல்லையென்றால், மாற்று வழி யோசிக்க அப்போது ஏறத்தாழ ஒரு வாரம் இருக்கும். வெட்டும் காலையில் தெரிந்தால் கிடையாகவே வெட்டிவிடுவார்.

சுவர் வேலைக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். ஒரு பகுதி இரண்டரை நாளில் முடிய வேண்டுமென்றால் கதவு, ஜன்னல் மேலே வரும் லிண்டல்கள் முன்பே வார்த்து இறுகியிருக்க வேண்டும். அங்கேயே பலகை அடித்து வார்ப்பதென்றால் ஒவ்வொரு பகுதியும் லிண்டலுக்காக நின்றுவிடும். மேலே சொன்ன அட்டவணை முழுதும் கலைந்துபோகும். ஆகவே லிண்டல் வார்ப்பு இந்த மூன்று வாரத்துக்கு முந்தைய திட்டத்தில் இருந்திருக்க வேண்டிய வேலை.

நான்காம் படி: சரக்கைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

400க்கு 200 மில்லிமீட்டர் முகம் கொண்ட பிளாக் ஒரு சதுர மீட்டருக்கு 12.5 ஆகும். 240 சதுர மீட்டருக்கு 3,000. உடைவுக்கு 5 விழுக்காடு சேர்த்தால் 3,150. ஒரு நாள் செலவு 315. ஒரு லாரியில் 600 வரும் என்று வைத்துக்கொள்வோம். "இரண்டு நாளுக்கு ஒரு லாரி" என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும். வேலை தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை ஒன்று, பிறகு 2, 4, 6, 8ஆம் நாட்களில் காலையில் ஒவ்வொன்று.

இப்போது ஒவ்வொரு லாரி வருவதற்கு முன் கையில் மிஞ்சியிருப்பதை எண்ணிப் பாருங்கள். 2ஆம் நாள் காலை 285. 4ஆம் நாள் காலை 255. பிறகு 225. 8ஆம் நாள் காலை 195. லாரி கொண்டுவருவது 600, இரண்டு நாள் செலவு 630. ஒவ்வொரு சுற்றிலும் 30 பிளாக் தேய்கிறது. 2ஆம் நாள் லாரி வராவிட்டால் அன்று மாலை கொஞ்ச நேரம்தான் கை நிற்கும். 8ஆம் நாள் லாரி வராவிட்டால் மதியத்துக்கெல்லாம் சுவர் நின்றுவிடும். தொடக்கத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்த பணியிடம் இரண்டாம் வாரத்தில் திடீரெனத் தடுமாறுவதற்கு இந்தத் தேய்மானம் ஒரு காரணம். திட்டத் தாளில் சரக்கு வரும் தேதியை மட்டும் எழுதாமல், வரும் நேரத்தில் கையில் எவ்வளவு மிஞ்சும் என்ற எண்ணையும் எழுதினால் இது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

தீர்வு எளிது. தொடக்கத்திலேயே இரண்டு லாரி இறக்குங்கள். பிறகு 2, 4, 6ஆம் நாட்களில் ஒவ்வொன்று. எப்போதும் ஒரு நாளைக்கும் மேலான கையிருப்பு இருக்கும். ஐந்து லாரியில் 3,000 வந்துவிடும். மீதி 150 வேண்டுமா, 80 போதுமா என்பதை 7ஆம் நாள் மாலை பணியிடத்தில் நின்று எண்ணிய பிறகு சொல்லி அனுப்புங்கள். கடைசி லாரியைக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லாதீர்கள். உடைந்தவை புத்தகத்தில் இருக்காது. பிளாக்கில் இரண்டு கனங்கள் இருப்பதால் எந்த லாரியில் எது எத்தனை என்பதும் பகுதி வாரியாகப் பிரித்திருக்க வேண்டும். 200 மில்லிமீட்டர் பிளாக் குவிந்து கிடக்க, 100 மில்லிமீட்டருக்காகக் கொத்தனார் உட்கார்ந்திருப்பது அடிக்கடி நடக்கிறது.

இன்னும் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பாதுகாப்பு. கையிருப்பு தரையில் இருக்க வேண்டும், மாடியில் அல்ல. கான்கிரீட் பிளாக்கை ஒரு மீட்டர் உயரத்துக்கு அடுக்கினால் சதுர மீட்டருக்குச் சுமார் இரண்டு டன் ஏறும். குடியிருப்பு மாடிகள் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரையிலான பயன்பாட்டுச் சுமைக்கே வடிவமைக்கப்படுகின்றன. ஒரு நாள் தேவையை மட்டும் ஏற்றி, உத்தரங்களை ஒட்டிப் பரப்பி வைக்க வேண்டும். எங்கே, எத்தனை அடுக்கு என்று கட்டமைப்புப் பொறியாளரிடம் கேட்டு மாடித் தரையிலேயே குறித்துவிடுங்கள். இதனால் சரக்கை மாடிக்கு ஏற்றும் ஹாய்ஸ்டுக்கும் நேர அட்டவணை தேவைப்படும். பிளாக் முந்தைய நாள் மாலையில் ஏறட்டும். காலை முழுதும் ஹாய்ஸ்ட் கலவைக்கு.

தரையிலும் இடம் ஒரு தடைதான். பூச்சு மணல் 13ஆம் நாளுக்கு வேண்டும். பிளாக் குவியல் கரைந்து இடம் காலியாவது 10ஆம் நாள். எனவே மணல் லாரிக்கு 11 அல்லது 12ஆம் நாள் என்று சொல்ல வேண்டும். "முன்கூட்டியே வந்தால் நல்லதுதானே" என்று 5ஆம் நாள் வரவழைத்தால் அது பிளாக்குக்கும் ஹாய்ஸ்டுக்கும் நடுவில் மலையாகக் கிடக்கும். பிறகு அதை இடம் மாற்ற இரண்டு சித்தாட்களுக்கு ஒரு நாள் போகும்.

மின்பொருட்களில் குழாயும் பெட்டியும் பொதுவாகச் சிக்கல் தராது. மின்பகிர்வுப் பெட்டி தரும். அது சுவருக்குள் பதிய வேண்டியது. அதன் அளவு எத்தனை மின்சுற்று என்பதைப் பொறுத்தது. தருவிக்க நான்கு வாரம் ஆகும் என்று விற்பனையாளர் சொன்னால், மூன்று வாரத் திட்டத்தில் அது தெரியவரும்போது ஏற்கெனவே தாமதமாகியிருக்கும். இது இந்தக் கருவியின் வரம்பு. மூன்று வாரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டிய பொருட்களுக்குத் தனிப் பட்டியல் ஒன்றைத் தொடக்கத்திலிருந்தே வைத்திருங்கள். ஒவ்வொரு வாரமும் திட்டத்தோடு அதையும் மேசையில் வையுங்கள்.

ஐந்தாம் படி: வியாழக்கிழமை கூட்டம்

வாரம் ஒருமுறை, கொத்தனார் மேஸ்திரி, எலக்ட்ரீஷியன், பொருள் கிடங்கைப் பார்ப்பவர் மூவரையும் சுவரில் ஒட்டிய தாளின் முன் நிறுத்துங்கள். அரை மணி நேரம் போதும். வியாழன் மாலை நல்லது. ஏதாவது விட்டுப்போயிருந்தால் திங்களுக்கு முன் சரிசெய்ய இரண்டு வேலை நாள் இருக்கும். சனி மாலை கூட்டம் போட்டால் அந்த இரண்டு நாளும் போய்விடும்.

முதல் வாரத்தின் வேலையை நீங்கள் சொல்லாதீர்கள், செய்பவர் சொல்லட்டும். "ஆ பகுதி வெள்ளிக்கிழமை முடியுமா?" என்று கேட்டால் "முடித்துவிடலாம் சார்" என்றுதான் பதில் வரும். "வெள்ளிக்கிழமை ஆ பகுதி முடிய என்ன வேண்டும், மேஸ்திரி?" என்று கேட்டுப் பாருங்கள். "சாரத்துக்கு இன்னும் நாலு பலகை வேண்டும், ஒரு ஆள் ஊருக்குப் போகிறான்" என்று உண்மை வெளியே வரும். ஆள் ஒருவர் குறைந்தால் ஒரு நாள் வேலை 24இலிருந்து 16ஆகும். அப்போதே தேதியை மாற்றி எழுதுங்கள். முடியாது என்று சொன்னவரைக் கடிந்துகொண்டால், அடுத்த வாரம் முதல் யாரும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள்; திட்டம் முழுதும் பொய்யாகிவிடும்.

தடை நீங்காத வேலையை முதல் வாரத்துக்குள் விடாதீர்கள். சுவிட்ச் வரைபடத்தில் கையெழுத்து விழவில்லையென்றால் அ பகுதிக் காடி வெட்டு முதல் வாரத் தாளுக்கு வரக் கூடாது, எலக்ட்ரீஷியன் கையில் இயந்திரத்தோடு நின்றாலும் சரி. அவருக்கு வேறு வேலை கொடுங்கள்: கூரைக் குழாய்களில் இழுகம்பி விட்டு அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம், பெட்டிகளில் துளை திறந்து வைக்கலாம். இப்படிக் கையில் வைத்திருக்கும் இரண்டு மூன்று மாற்று வேலைகளைத் தாளின் ஓரத்தில் எழுதிவையுங்கள்.

ஆய்வையும் ஒரு வேலையாகவே நாள் குறித்து எழுதுங்கள். காடி அடைப்பதற்கு முன் ஒவ்வொரு குழாயிலும் இழுகம்பி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வர வேண்டும். பெட்டியின் முகம் திட்டுகளோடு சமமாக இருக்க வேண்டும். பெட்டிகளின் மேல்விளிம்பு மட்டக் கோட்டிலிருந்து ஒரே தொலைவில் இருக்க வேண்டும். 11ஆம் நாள் காலை பார்க்க வேண்டியவர் வரவில்லையென்றால் கொத்தனார்கள் மதியம் காத்திருக்க மாட்டார்கள், பார்க்காமலேயே அடைத்துவிடுவார்கள். பூச்சு முடிந்த பிறகு தெரியும் அடைப்பைச் சரிசெய்ய சுவரைத்தான் உடைக்க வேண்டும்.

ஆறாம் படி: நடந்ததை எண்ணித் தாளை நகர்த்துங்கள்

வார இறுதியில், ஒப்புக்கொண்ட வேலைகளில் எத்தனை முடிந்தன என்று எண்ணுங்கள். முடிந்தது அல்லது முடியவில்லை. "தொண்ணூறு விழுக்காடு" என்ற பதிலுக்கு இடமில்லை. சாரம் இன்னும் அவிழ்க்கப்படாத, மேல்வரிசை பாக்கியிருக்கும் சுவர் எலக்ட்ரீஷியனுக்கு முடியாத சுவர்தான். 14 வேலைகளை ஒப்புக்கொண்டு 11 முடிந்திருந்தால் 79 விழுக்காடு. அந்த எண்ணைவிட, முடியாத மூன்றின் எதிரே எழுதும் காரணமே பயன் தரும். மூன்று வாரம் தொடர்ந்து "லாரி தாமதம்" என்று வந்தால் கையிருப்பைக் கூட்ட வேண்டும். "முந்தைய வேலை முடியவில்லை" என்று வந்தால் குழுவின் வேகத்தை மறுபடி அளக்க வேண்டும். முதல் படியில் எழுதிய 8 சதுர மீட்டர் இந்த மாடியில் 7ஆகக் குறைந்திருக்கலாம். அப்படிக் குறைந்தால் பத்து நாள் வேலை பதினொன்றரை நாளாகும். பகுதிகள் முடியும் நாள், காடி வெட்டும் நாள், லாரி நாள் எல்லாம் சேர்ந்து நகரும். ஒரு தேதியை மட்டும் அழித்து எழுதி மற்றதை விட்டுவிடாதீர்கள்.

பிறகு முடிந்த வாரத்தைக் கிழித்து, புதிய மூன்றாம் வாரத்தைச் சேருங்கள். நம் மாடியில் முதல் முறை இப்படி நகர்த்தும்போது உள்ளே வரும் வாரத்தில் இ, ஈ பகுதிகளின் பூச்சு இருக்கும். அதன் தடைகள் இப்போதே எழுதப்பட வேண்டியவை: ஈ பகுதியில் 17ஆம் நாள் முடியும் குழாய் வேலையை 18ஆம் நாள் காலை யார் ஆய்வு செய்வார், அப்போது மூன்று கொத்தனார்களும் ஆ பகுதிப் பூச்சில் இருப்பதால் ஈ பகுதிக் காடிகளை அடைத்து வலை அடிக்க யாரை எப்போது விடுவிப்பது, ஒரே ஹாய்ஸ்டில் பூச்சுக் கலவையும் மேல்மாடிக்குப் போகத் தொடங்கும் பிளாக்கும் எந்த நேரம் ஏறும்.